நிக்கோடின் சூயிங்கம்: மென்று அடக்கும் முறை, விக்கல், தொண்டை எரிச்சல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாயில் போட்டு அஞ்சு நிமிஷம்கூட ஆகல, விக்கல் பிடிச்சுக்குது. எனக்கு இது ஒத்துக்காதா?

சிகரெட் பழக்கத்தை நிறுத்த உதவும் இந்த மருந்தின் மேல் பெரும்பாலும் குற்றம் இல்லை, மெல்லும் வேகம்தான் காரணம். கடையில் வாங்கும் சாதாரண சூயிங்கத்தை நிறுத்தாமல் மென்று பழகியவர்கள் இதையும் அப்படியே மெல்கிறார்கள். ஆனால் இது மெல்லுவதற்கான பண்டம் இல்லை. கன்னத்துக்குள் அடக்கி வைப்பதற்கான மருந்து. நடுவில் மெல்லுவது, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுப்பதற்காக மட்டும்.

வேகமாக மென்றால் அரை மணி நேரத்தில் வர வேண்டிய நிக்கோடின் சில நிமிடங்களிலேயே எச்சிலில் கொட்டிவிடும். வாயின் தோல் அவ்வளவையும் உறிஞ்ச முடியாது. மிச்சம் எச்சிலோடு தொண்டைக்கும் வயிற்றுக்கும் போகிறது. விக்கல், தொண்டை எரிச்சல், நெஞ்செரிச்சல், குமட்டல் எல்லாம் அந்த விழுங்கிய பங்கின் வேலை. முறையை மாற்றினாலே பெரும்பாலானவர்களுக்கு இவை அடங்கிவிடும்.

சரி, எப்படித்தான் மெல்லணும்? நிதானமா சொல்லுங்க.

முதலில் வாயைப் பாருங்கள். கடைசியாக டீயோ காபியோ ஜூஸோ குடித்து 15 நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லையென்றால் தண்ணீரில் கொப்பளித்துவிட்டுக் காத்திருங்கள்.

ஒன்றை எடுத்துப் போட்டு மெதுவாகக் கடியுங்கள். ஒரு கடிக்கும் அடுத்த கடிக்கும் நடுவில் ஓரிரு விநாடி விடுங்கள். முதலில் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், பிறகு இளகும். பத்துப் பதினைந்து கடிக்குள் மிளகைக் கடித்தது போன்ற ஒரு காரமோ, ஈறில் சுருசுருவென்ற ஓர் உணர்வோ வரும். அது வந்த உடனே நிறுத்த வேண்டும். இன்னும் இரண்டு கடி கடித்துப் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள். நிக்கோடின் வெளியே வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அடுத்து நாக்கால் அதை ஓரமாகத் தள்ளி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே அடக்கி வையுங்கள். அசைக்காதீர்கள். பேசலாம், ஆனால் வாயில் இருப்பதைச் சப்பிக்கொண்டே இருக்கக் கூடாது. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் அந்தச் சுருசுருப்பு தேயும். தேய்ந்த பிறகு மறுபடி மெதுவாகச் சில கடி, மறுபடி காரம், மறுபடி அடக்குதல். இந்த முறை மறுபக்கக் கன்னத்தில் வையுங்கள். ஒரே இடத்திலேயே வைத்தால் அந்த இடம் காந்தும், புண்ணாகவும் ஆகலாம்.

இப்படியே சுமார் 30 நிமிடம் போகும். எவ்வளவு கடித்தாலும் காரம் வராத நிலைக்கு வந்துவிட்டால் மருந்து தீர்ந்தது, எடுத்துவிடலாம். பத்து நிமிடத்திலேயே அந்த நிலை வந்தால் வேகமாக மென்றிருக்கிறீர்கள் என்று பொருள். கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்க்கக் கூடிய சோதனை இது ஒன்றுதான். முதல் சில நாள் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கினது புதினா சுவை. போட்ட உடனே வாயெல்லாம் ஜில்லுனு ஆகுது. அதுதான் நீங்க சொல்ற சுருசுருப்பா?

இல்லை. பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். புதினாவின் குளிர்ச்சி முதல் இரண்டு மூன்று கடியிலேயே வந்துவிடும். நாக்கின் மேலும் மூச்சிலும் தெரியும். நிக்கோடினின் காரம் அதற்குப் பிறகு வரும். அதில் குளிர்ச்சி இருக்காது, சூடும் குத்தலும் இருக்கும். நாக்கின் ஓரங்களிலும், கன்னத்தின் உட்பக்கத்திலும், சிலருக்குத் தொண்டையின் ஆரம்பத்திலும் தெரியும்.

இரண்டையும் பிரித்துக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கண்ணை மூடி, மிக மெதுவாகக் கடித்துக்கொண்டே போங்கள். ஜில்லென்று இருக்கும் வாயில் திடீரென்று ஓர் இடம் மட்டும் உறைக்கத் தொடங்கும். அதுதான். ஒரு தடவை பிடிபட்டுவிட்டால் அப்புறம் மறக்காது. அந்த உறைப்பு தொண்டை வரைக்கும் இறங்கிய பிறகுதான் தெரிகிறது என்றால் நிறுத்துவதில் பிந்திவிட்டீர்கள். அடுத்த தடவை நான்கைந்து கடி முன்னாலேயே நிறுத்திப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு பத்தியம்? விழுங்கினாலும் உடம்புக்குள்ளதானே போகுது?

உடம்புக்குள் போகிறது, ஆனால் அதில் பெரும்பகுதி மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. இந்தச் சூயிங்கத்தில் நிக்கோடின் தனியாக இல்லை. ஒரு வகைப் பிசினோடு ஒட்டவைத்திருக்கிறார்கள். மெல்லும்போது எச்சிலில் உள்ள சோடியம், பொட்டாசியம் அயனிகள் அந்தப் பிசினில் போய் உட்கார்ந்து, நிக்கோடினை வெளியே தள்ளுகின்றன. மெல்லாவிட்டால் அது அநேகமாக வெளியே வராது. எவ்வளவு வேகமாக மெல்கிறோமோ அவ்வளவு வேகமாக வரும். அதாவது அளவைத் திறந்து மூடும் குழாய் உங்கள் தாடையிடம் இருக்கிறது.

வெளியே வந்த நிக்கோடின் கன்னத்தின் தோல் வழியாக ஊறினால் நேரடியாக இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகும். விழுங்கினால் வயிறு, குடல் வழியாக முதலில் ஈரலுக்குத்தான் போகும். ஈரல் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிட்டுத்தான் மிச்சத்தை அனுப்பும். ஆக, விழுங்கிய நிக்கோடின் வழியெல்லாம் எரிச்சலைக் கொடுத்துவிட்டு, சிகரெட் ஆசையை மட்டும் அடக்காமல் போகிறது. வேகமாக மெல்பவர்கள் விக்கலையும் வாங்கிக்கொண்டு, ‘இது வேலை செய்யவில்லை’ என்றும் சொல்வது இதனால்தான்.

ஒழுங்காக அடக்கி வைத்தாலும் 2 மில்லிகிராமில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேரும். அதோடு, சிகரெட் புகை சில விநாடிகளில் மூளையைத் தொடுகிறது. இது மெதுவாக ஏறி, உச்சத்துக்கு வர ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். அந்த ‘கிக்’ இதில் வராது, வரவும் கூடாது. அதைத் தேடித்தான் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக மெல்கிறார்கள்.

விக்கலுக்கும் நிக்கோடினுக்கும் என்ன சம்பந்தம்?

விக்கல் என்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் என்ற தசை சட்டென்று வெட்டி இழுப்பது. அதே கணத்தில் குரல்வளை மூடிக்கொள்வதால் ‘இக்’ என்ற சத்தம் வருகிறது. உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் எரிச்சல் ஏற்பட்டால், அங்குள்ள நரம்புகள் மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்பும். அங்கிருந்து உதரவிதானத்துக்கு உத்தரவு வரும். காரமான பிரியாணியை அவசரமாக விழுங்கும்போது சிலருக்கு விக்கல் எடுப்பதும் இதே வழியில்தான்.

எச்சிலோடு இறங்கும் நிக்கோடின் அந்த நரம்புகளைச் சீண்டுகிறது. இன்னொரு வேலையும் செய்கிறது: இரைப்பையின் மேல்வாயை மூடி வைத்திருக்கும் தசையைத் தளர்த்திவிடுகிறது. அதனால் அமிலம் மேலே ஏறி, நெஞ்செரிச்சலும் சேர்ந்துகொள்ளும். வேகமாக மெல்லும்போது காற்றையும் விழுங்குகிறோம். வயிறு உப்பினால் விக்கலுக்கு அதுவும் ஒரு தூண்டுதல். மூன்றுக்கும் மூலம் ஒன்றுதான் என்பதால், வேகத்தைக் குறைத்தால் மூன்றும் ஒன்றாகவே குறையும்.

விக்கல் வந்துடுச்சு. இப்ப என்ன பண்றது?

வாயில் இருப்பதை எடுத்து அதன் காகிதத்திலேயே வைத்துவிடுங்கள். கன்னத்தில் அடக்கிக்கொண்டு விக்கல் போகும் என்று காத்திருக்க வேண்டாம். தேங்கியிருக்கும் எச்சிலைத் துப்பிவிட்டு, தண்ணீரைச் சிறு சிறு மிடறாகக் குடியுங்கள். மூச்சைக் கொஞ்ச நேரம் அடக்கிப் பார்க்கலாம். விக்கல் நின்று சில நிமிடம் கழித்து அதே சூயிங்கத்தை மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஆனால் இம்முறை இரண்டு மூன்று கடியிலேயே நிறுத்தி அடக்குங்கள்.

தலைசுற்றல், வாந்தி வருவது போன்ற உணர்வு, குளிர்ந்த வேர்வை, படபடப்பு ஆகியவையும் சேர்ந்து வந்தால் உடம்பில் நிக்கோடின் அதிகமாகிவிட்டது. அப்போது அதைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்காருங்கள். குறையாமல் கூடிக்கொண்டே போனால் மருத்துவரிடம் போங்கள்.

தொண்டை கரகரன்னு இருக்கு, எச்சில் முழுங்கினாலே வலிக்குது. இதனாலயா?

நேரத்தைக் கவனித்தால் தெரிந்துவிடும். மெல்லத் தொடங்கிய சில நிமிடங்களில் எரிச்சல் ஆரம்பித்து, எடுத்துப் போட்ட பிறகு மெல்லக் குறைந்தால் சூயிங்கம்தான். நிக்கோடின் இயல்பிலேயே எரிச்சலூட்டும் பொருள். வாயின் தோல் அதை உறிஞ்ச வேண்டுமானால் எச்சில் கொஞ்சம் அமிலத்துக்கு எதிரான காரத்தன்மையோடு இருக்க வேண்டும் என்பதால், இதில் சோடா உப்பு வகைகளையும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டும் கலந்த எச்சிலை வாய் நிறைய ஊறவிட்டு, மடக்கு மடக்காக விழுங்கினால் தொண்டை சும்மா இருக்குமா? ஒரு நாளில் ஏழெட்டு முறை இது நடந்தால் சாயங்காலம் தொண்டை புண்ணானது போல ஆகிவிடும்.

புகையை விட்ட முதல் வாரங்களில் சிலருக்கு இருமலும் கரகரப்பும் தானாகவே வரும். அது நாள் முழுக்க இருக்கும், மெல்லும் நேரத்தோடு ஒட்டி வராது. காய்ச்சல், சளியோடு வந்தால் அது தொற்று.

ஒன்றை மட்டும் சூயிங்கத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். குரல் மாற்றம், விழுங்கச் சிரமம், வாயில் ஆறாத புண் அல்லது வெள்ளைத் திட்டு ஆகியவை மூன்று வாரத்தைத் தாண்டியும் இருந்தால், பல ஆண்டுகள் புகையிலை பயன்படுத்தியவர் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

எச்சில் ரொம்ப ஊறுதே. முழுங்கவா, துப்பவா?

ஊறுவதே வேகத்தின் விளைவுதான். அடக்கி வைத்திருக்கும்போது அவ்வளவு ஊறாது. சாதாரணமாக ஊறும் கொஞ்ச எச்சிலை விழுங்குவதில் தவறில்லை. வாய் நிறைந்துவிட்டால் பாதியைத் துப்பிவிடுவது தொண்டைக்கு நல்லது. ஆனால் ஒவ்வொரு நிமிடமும் துப்பிக்கொண்டிருந்தால் மருந்தையும் சேர்த்துத்தான் துப்புகிறீர்கள். வெற்றிலையோடு புகையிலை அடக்கிப் பழகியவர்களிடம் இந்தத் துப்பும் வழக்கம் அதிகம். ஆனால், ஓரமாக அடக்கி வைப்பது என்றால் என்னவென்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியதில்லை. சிகரெட்காரர்களை விட முதல் நாளிலேயே சரியாகச் செய்கிறார்கள்.

டீ குடிச்சதும் சிகரெட் பிடிக்கறதுதான் பழக்கம். அதுக்குப் பதிலா டீயோடயே இதைப் போட்டா?

கூடாது. டீ, காபி, கோலா பானங்கள், எலுமிச்சை ஜூஸ் எல்லாம் வாயை அமிலத் தன்மைக்குக் கொண்டுபோய்விடும். அமில எச்சிலில் நிக்கோடின் வேறு வடிவத்துக்கு மாறி, கன்னத்தின் தோலைக் கடக்க முடியாமல் எச்சிலிலேயே தங்கிவிடும். அப்புறம் அதற்குப் போக்கிடம் தொண்டைதான். இதனால் டீயோடு போட்டால் ஆசையும் அடங்காது, விக்கலும் வரும்.

டீக்குப் பிறகான அந்தச் சிகரெட்தான் உங்களுக்கு வினை என்றால், டீக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகப் போடுங்கள். அரை மணியில் மென்று முடித்துவிட்டு டீ குடித்தால், ஏறிய நிக்கோடின் அந்த நேரத்துக்குத் துணையாக நிற்கும். இது கடைக்காரர்கள் யாரும் சொல்லாத விஷயம். அட்டையோடு வரும் துண்டுத்தாளில் இருந்தாலும், அந்தப் பொடி எழுத்தைப் படிப்பவர் குறைவு.

நாளைக்கு எட்டு போடுறேன், 2 மில்லிகிராம். விக்கல்தான் வருது, ஆசை அடங்கல. 4 மில்லிகிராமுக்கு மாறிடவா?

முறையைச் சரிசெய்த பிறகுதான் அளவைப் பற்றி யோசிக்க வேண்டும். இப்படிக் கேட்டவர்களில் ஒருவருடைய நாளை எடுத்துக்கொள்வோம். லேத் பட்டறையில் வேலை. காலை ஆறரைக்கு எழுந்து, எட்டு மணிக்கு டீக்கடையில்தான் முதல் சிகரெட் என்று இருந்தவர். அளவைத் தீர்மானிக்கும் முக்கியக் கேள்வியே இதுதான்: எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம், அதற்குப் பிறகு பிடிப்பவருக்கு 2 மில்லிகிராம். இவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஆகவே 2 மில்லிகிராம் சரிதான்.

தவறு எங்கே? எட்டு மணி டீயோடு ஒன்று, பதினொரு மணி டீயோடு ஒன்று. இயந்திரத்தின் முன் நின்றபடி நிறுத்தாமல் மென்று, பத்து நிமிடத்தில் சப்பென்று ஆனதும் துப்பிவிடுகிறார். மற்றவற்றையும் ஆசை தாங்க முடியாமல் போகும்போதுதான் போடுகிறார். மெதுவாக ஏறும் மருந்தை, ஆசை உச்சிக்குப் போன பிறகு போட்டால் அது எட்டிப் பிடிக்காது. அந்தப் பொறுமையின்மையில் இன்னும் வேகமாக மெல்கிறார். அங்கேதான் விக்கல்.

மாற்றியது இவ்வளவுதான். ஏழு மணிக்கு முதல் சூயிங்கம், ஏழரைக்கு முடியும், எட்டுக்கு டீ. அடுத்தது ஒன்பதுக்கு, அதற்கடுத்தது பத்து மணி பத்து நிமிடத்துக்கு. பதினொரு மணி டீ முடிந்ததும் கொப்பளித்துவிட்டுக் கால் மணி நேரம் சும்மா, பிறகு பதினொன்றரைக்கு அடுத்தது. இப்படி ஆசை வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, முதல் ஆறு வாரத்துக்கு. இதில் நாளுக்கு ஒன்பது பத்து ஆகும், அது அளவுக்குள்தான். ஒவ்வொன்றையும் காரம் வந்ததும் கன்னத்தில் அடக்கி, அரை மணி ஓட்டுவது. பட்டறையில் கை வேலையாக இருக்கும்போது வாய் தானாக மெல்லத் தொடங்கிவிடும் என்பதால், முதல் சில நிமிடங்களை வேலையை விட்டுத் தள்ளி நின்று செய்யச் சொன்னோம்.

இப்படிச் சில நாள் ஒழுங்காகச் செய்து, விக்கல் நின்று, 30 நிமிடம் காரம் தாக்குப்பிடித்து, அப்படியும் ஆசை அடங்கவில்லை என்றால் 4 மில்லிகிராம் பற்றி மருத்துவரிடம் பேசலாம். இந்தியாவில் அதற்கு மருந்துச் சீட்டு வேண்டும், 2 மில்லிகிராம் சீட்டு இல்லாமல் கிடைக்கும். வேகமாக மெல்லும் பழக்கத்தோடு 4-க்குப் போனால் தொண்டைக்குப் போவதும் இரட்டிப்பாகும், வேறொன்றும் நடக்காது.

எத்தனை நாளைக்கு?

வழக்கமான கணக்கு 12 வாரம். முதல் ஆறு வாரம் மேலே சொன்னபடி. ஏழாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வரை இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி மூன்று வாரம் நான்கிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஒன்று முடிந்த கையோடு இன்னொன்று போடுவதும், இரண்டை ஒன்றாகப் போடுவதும் வேண்டாம். பழைய கதைக்கே திரும்பிவிடும்.

எங்க அப்பாவுக்குப் பல்செட். அவர் போடலாமா?

சிரமம். சாதாரண சூயிங்கத்தை விட இது கெட்டி, பல்செட்டில் ஒட்டி அதைத் தூக்கிவிடும். தாடை மூட்டில் வலியோ ‘டக்’ என்ற சத்தமோ இருப்பவர்களுக்கும் இது உகந்ததல்ல. இவர்களுக்கு வாயில் வைத்துக் கரைக்கும் நிக்கோடின் மாத்திரையோ தோலில் ஒட்டும் பட்டையோ பொருத்தம். அந்த மாத்திரையைக் கடிக்கவே கூடாது, கடித்தால் அதே விக்கல் வரும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், இதயத் துடிப்புக் கோளாறு அல்லது வயிற்றுப் புண் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

தெரியாம முழுசா முழுங்கிட்டேன். ஆபத்தா?

மெல்லாமல் விழுங்கினால் பிசின் நிக்கோடினைப் பெரும்பாலும் பிடித்து வைத்திருக்கும். மெதுவாகத்தான் வெளியே விடும், பெரியவர்களுக்கு வயிற்றைப் புரட்டுவதோடு போகும். குழந்தைகள் விஷயம் வேறு. மென்று துப்பியதிலும் நிக்கோடின் மிச்சம் இருக்கும் என்பதால் காகிதத்தில் சுற்றி, மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள். அட்டையையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். குழந்தை ஒன்றை வாயில் போட்டுவிட்டால், மென்றதோ இல்லையோ, அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.